டிராய்க்கு எழுதுவதற்கு முன்: தீராத டெலிகாம் புகாரைப் படிப்படியாக மேலே கொண்டுபோவது எப்படி

கஸ்டமர் கேரிடம் பேசிப் பேசிச் சலித்தவர்கள் கடைசியில் சொல்வது, “டிராய்க்கே எழுதிவிடுகிறேன்.” எழுதலாம். ஆனால் டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. 1997ஆம் ஆண்டு டிராய் சட்டம் அந்த வேலையை அதற்குக் கொடுக்கவில்லை. நீங்கள் அனுப்பும் மனுவை அது பெரும்பாலும் அதே கம்பெனிக்கு அனுப்பிவைக்கும். அங்கே அது மறுபடியும் கஸ்டமர் கேரிடமே போய் நிற்கும்.

அப்படியானால் ஒழுங்குமுறை ஆணையத்தால் என்ன பயன்? அது 2012இல் கொண்டுவந்த புகார் தீர்வு விதிமுறைகள்தான் பயன். ஒவ்வொரு டெலிகாம் கம்பெனியும் ஒரு புகார் மையமும், அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டு அதிகாரியும் வைத்திருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிமுறைகள். இரண்டு இடங்களுக்கும் கால வரம்பு உண்டு, இரண்டும் இலவசம். இந்த இரண்டு படிகளையும் முறையாக ஏறிவிட்டு, கையில் காகிதத்தோடு தொலைத்தொடர்புத் துறைக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ போனால் புகாருக்கு எடை இருக்கும். நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போனால், தொலைத்தொடர்புத் துறையில் “முதலில் கம்பெனியிடம் முறையிடுங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடிக்கடி நடக்கிற ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். கோவையில் வாடகை வீட்டில் இருந்த ஒருவர், வீடு மாறும்போது ஃபைபர் பிராட்பேண்டை நிறுத்தச் சொல்கிறார். மாதக் கட்டணம் 699 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 824 ரூபாய் 82 காசு. டெபாசிட் 1,000 ரூபாய். ஜூன் 5 அன்று கோரிக்கை கொடுக்கிறார். ஜூன் 9 அன்று ஆள் வந்து ரவுட்டரை எடுத்துப் போகிறார். ஜூலை 1 ஒரு பில், ஆகஸ்ட் 1 இன்னொரு பில். டெபாசிட்டும் வரவில்லை. ஆக, கம்பெனி அவரிடம் கேட்பது 1,649 ரூபாய் 64 காசு, அவர் கம்பெனியிடம் கேட்பது 1,000 ரூபாய்.

கோரிக்கையும் புகாரும் ஒன்றல்ல

பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இது. இணைப்பை நிறுத்தச் சொன்னதும் ஒரு எண் எஸ்எம்எஸ்சில் வரும். அது சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண். பிளான் மாற்றுவது, ஏதாவது ஒரு சேவையைச் சேர்ப்பது, நீக்குவது, இணைப்பை இடம் மாற்றுவது, நிறுத்துவது, பில் விவரம் கேட்பது எல்லாமே விதிமுறைப்படி கோரிக்கைகள். அவற்றைச் செய்யாமல் விட்டதாகவோ தப்பாகச் செய்ததாகவோ நீங்கள் பதிவு செய்யும்போதுதான் அது புகார். புகாருக்குத் தரப்படுவது டாக்கெட் எண். மேல்முறையீட்டுக்குப் போக டாக்கெட் எண் வேண்டும், கோரிக்கை எண் போதாது.

நம் உதாரணக்காரர் ஜூலையில் மூன்று தடவை போன் செய்கிறார். ஒவ்வொரு தடவையும், “சார், ரிக்வெஸ்ட் ஏற்கெனவே போட்டிருக்கு, பிராசஸ்ல இருக்கு” என்ற பதில்தான். அந்த மூன்று அழைப்புகளும் புகார் கணக்கில் வராமலே போயிருக்கலாம். போனில் இருக்கும்போதே, “இது கோரிக்கை இல்லை, புகார். டாக்கெட் எண் கொடுங்கள், எஸ்எம்எஸ்சிலும் அனுப்புங்கள்” என்று கேட்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பத்திரப்படுத்த வேண்டியவற்றில் முதலாவது, நிறுத்தச் சொன்ன மின்னஞ்சல். போனில் சொல்லியிருந்தாலும் அன்றே ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். அடுத்தது, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது. இதை வாங்காமல் விட்டவர்கள் பின்னால் ரவுட்டர் விலையையும் சேர்த்துக் கேட்கப்படுவது உண்டு. வந்த ஆள் ரசீது புத்தகம் கொண்டுவரவில்லை என்றால், ரவுட்டரின் அடியில் இருக்கும் சீரியல் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். “இன்ன தேதியில் இந்தச் சீரியல் எண் கொண்ட ரவுட்டரை உங்கள் ஊழியரிடம் கொடுத்துவிட்டேன்” என்று அவர் கிளம்புமுன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டெபாசிட் கட்டிய பழைய ரசீது அல்லது முதல் மாத பில் மூன்றாவது. பழைய பில்களை கம்பெனி ஆப்பிலிருந்து இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். கணக்கு மூடப்பட்ட பிறகு ஆப்பில் உள்ளே நுழையவே முடியாமல் போகலாம்.

ப்ரீபெய்டு மொபைலில் பணம் காணாமல் போகிற வகைப் புகாராக இருந்தால் கையில் பில்லே இருக்காது. எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும் கேட்கலாம், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது டிராய் விதி.

முதல் படி: புகார் மையம்

மொபைல்காரர்களுக்குப் பெரும்பாலான கம்பெனிகளில் 198 தான் புகார் எண். பிராட்பேண்டுக்குத் தனி இலவச எண் இருக்கும். எந்த எண்ணாக இருந்தாலும் கூகுளில் தேடி, முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். கஸ்டமர் கேர் பெயரில் போலி எண்களை ஏற்றி வைத்துக்கொண்டு, “ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்” என்று வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. `tccms.trai.gov.in` என்ற டிராய் தளத்தில் ஒவ்வொரு கம்பெனியின் புகார் மைய எண்ணும் மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரியும் மாநில வாரியாக, சேவை வாரியாக இருக்கின்றன. டிராயின் தளங்களில் சாதாரண சந்தாதாரருக்கு மிகவும் உதவுவது இதுதான் என்பேன்.

புகாரில் சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும். என்ன நடந்தது, எவ்வளவு தொகை, என்ன செய்தால் தீர்ந்ததாக ஒப்புக்கொள்வீர்கள். “ரொம்ப நாளாகத் தொல்லை கொடுக்கிறார்கள்” என்பது புகார் ஆகாது. “ஜூலை 1, ஆகஸ்ட் 1 பில்களை ரத்து செய்ய வேண்டும், டெபாசிட் 1,000 ரூபாயை என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், பாக்கி இல்லை என்று எழுத்தில் தர வேண்டும்” என்பது புகார். இந்த மூன்று வரிகள் கடைசிப் படிவரை மாறாமல் உங்களுடன் வர வேண்டும். இடத்துக்கு இடம் கோரிக்கையை மாற்றிக்கொண்டே போனால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

பதிவானதும் டாக்கெட் எண், பதிவான தேதியும் நேரமும், எப்போதைக்குள் தீர்க்கப்படும் என்ற விவரம் ஆகிய மூன்றும் உங்களுக்கு வர வேண்டும். எந்தப் புகாருக்கு எவ்வளவு நாள் என்பது அதன் தன்மையைப் பொறுத்தது. பில் புகாருக்குச் சில வாரங்கள் வரை ஆகலாம். கால வரம்பு தனியாகக் குறிப்பிடப்படாத புகார்களுக்கு மூன்று நாள். உங்களுக்குச் சொல்லப்பட்ட கெடு தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்கெட் விவரத்தைக் கம்பெனி தன் கணினியில் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு “அப்படி ஒரு எண்ணே சிஸ்டத்தில் இல்லை” என்று சொன்னால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அந்த எஸ்எம்எஸ்சை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிய வேண்டும்.

நம் உதாரணத்தில் டாக்கெட் பதிவானது ஆகஸ்ட் 4. ஆகஸ்ட் 7 அன்று, “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று எஸ்எம்எஸ் வருகிறது. ஆப்பில் பார்த்தால் இரண்டு பில்களும் அப்படியே இருக்கின்றன. இது ரொம்ப சகஜம். இங்கே இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, “திருப்தியா? ஆம் என்றால் 1” என்று வருகிற செய்திக்கு யோசிக்காமல் பதில் அனுப்பிவிடாதீர்கள். இல்லை என்று பதில் சொல்லி, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டாவதுதான் பெரிய பொறி. திரும்பக் கூப்பிட்டால் பழைய டாக்கெட்டைத் திறக்காமல் புதிய டாக்கெட் போடுவார்கள், கெடுவும் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். இப்படியே நான்கைந்து டாக்கெட் சேர்த்தவர்கள் உண்டு. அத்தனை எண்களும் ஒரே பிரச்சினைக்குத்தான், ஆனால் கம்பெனியின் கணக்கில் ஒவ்வொன்றும் “குறித்த நேரத்தில் தீர்க்கப்பட்ட” புகார். முதல் டாக்கெட் தீராமல் மூடப்பட்டாலோ, கெடு தாண்டினாலோ, மேலே போகும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த போன் கால் தேவையில்லை.

பில்லைக் கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே வரும். சர்ச்சை இல்லாத பகுதி ஏதாவது இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். போஸ்ட்பெய்டு மொபைலில் பாக்கி நிலுவையில் இருந்தால் வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றுவது தடைபடும். அவசரமாகப் போர்ட் செய்ய வேண்டியவர் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், புகார் தொடர்கிறது” என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பலாம். வசூல் ஏஜென்சி கூப்பிட்டால் டாக்கெட் எண்ணைச் சொல்லி, எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அழைத்த எண், தேதி, நேரம், சொன்னது ஆகியவற்றை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிற்பாடு மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க வேண்டிவந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

இரண்டாம் படி: மேல்முறையீட்டு அதிகாரி

பலருக்கு இப்படி ஒரு அதிகாரி இருப்பதே தெரியாது. கஸ்டமர் கேரில் கேட்டால் “சூப்பர்வைசரிடம் இணைக்கிறேன்” என்பார்கள். சூப்பர்வைசர் வேறு, மேல்முறையீட்டு அதிகாரி வேறு. இவர் கம்பெனியின் ஆள்தான் என்றாலும், தனியாக முடிவு செய்துவிட முடியாது. இருவர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உங்கள் மனுவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் கம்பெனியின் ஆள், இன்னொருவர் டிராயில் பதிவு செய்த நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஒருவர் உங்கள் ஆதாரத்தைக் கண்ணால் பார்க்கும் முதல் இடம் இது. அதனால் இந்த மனுவுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

புகார் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து, அல்லது முடிவே வராமல் கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதமானால் மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் காட்டி ஏற்கச் சொல்லலாம், ஆனால் ஏற்பது அவர்கள் கையில். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 7 முடிவுக்குச் செப்டம்பர் 6 வரை அவகாசம். அவர் ஆகஸ்ட் 11 அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மனு இப்படி இருந்தால் போதும்:

“என் பிராட்பேண்ட் கணக்கு எண் இது. ஜூன் 5 அன்று இணைப்பை நிறுத்தக் கோரினேன் (இணைப்பு 1). ஜூன் 9 அன்று ரவுட்டரை ஒப்படைத்தேன் (இணைப்பு 2). அதன் பிறகும் ஜூலை 1, ஆகஸ்ட் 1 தேதிகளில் தலா ரூ. 824.82க்கு பில் வந்துள்ளது (இணைப்பு 3, 4). டெபாசிட் ரூ. 1,000 திரும்ப வரவில்லை (இணைப்பு 5). ஆகஸ்ட் 4 அன்று பதிவான என் புகார், டாக்கெட் எண் இது, எந்த நடவடிக்கையும் இல்லாமல் ஆகஸ்ட் 7 அன்று மூடப்பட்டது (இணைப்பு 6, 7). இரண்டு பில்களையும் ரத்து செய்து, டெபாசிட்டைத் திருப்பித் தந்து, பாக்கி இல்லை என்ற கடிதம் தர வேண்டுகிறேன்.”

இதில் கோபமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தேதி, ஒரு இணைப்பு. கோபத்தை நான்கு பக்கத்துக்குக் கொட்டினால், அதற்கு நடுவில் ஜூன் 9 என்ற தேதி காணாமல் போகும். இந்த வழக்கே அந்தத் தேதியில்தான் நிற்கிறது. ரவுட்டரே கம்பெனியிடம் இருக்கும்போது ஜூலையில் சேவை கொடுத்ததாக எப்படிச் சொல்வார்கள்?

மூன்று நாளுக்குள் மேல்முறையீட்டு எண் வர வேண்டும். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 11இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 19. பத்திரப்படுத்த வேண்டியவை: அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகளோடு, மேல்முறையீட்டு எண் வந்த செய்தி, முடிவுக் கடிதம். இதற்கிடையில் கம்பெனியிலிருந்து யாராவது போன் செய்து, “பேசித் தீர்த்துக்கலாம் சார், பாதித் தொகையைத் தள்ளுபடி செய்யறோம்” என்பார்கள். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். எதுவானாலும், “நீங்கள் இன்று போனில் சொன்னது இது” என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எழுத்தில் வராத தள்ளுபடி அடுத்த மாத பில்லில் திரும்பி வந்துவிடும்.

நம் உதாரணத்தில் முடிவு பாதி வெற்றியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்கள் ரத்து. டெபாசிட் மட்டும் “பாக்கியில் சரிசெய்யப்பட்டது” என்கிறார்கள். பாக்கியே ரத்தான பிறகு எதில் சரிசெய்தார்கள்? முடிவுக் கடிதத்துக்குள்ளேயே இருக்கும் இந்த முரண்தான் அடுத்த படிக்கான முழு வாதம். முடிவுக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: தொலைத்தொடர்புத் துறை

மத்திய அரசின் `pgportal.gov.in` தளத்தில், தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் புகார் பதியலாம். கம்பெனிக்கு உரிமம் கொடுத்த துறை இது. டிராய்க்கு எழுதுவதைவிட இங்கே எழுதுவதில்தான் தனிப்பட்ட புகாருக்குப் பலன் அதிகம். கம்பெனியின் இரண்டு படிகளையும் தாண்டி வந்தீர்களா என்று இங்கே பார்ப்பார்கள். எனவே டாக்கெட் எண்ணையும் மேல்முறையீட்டு எண்ணையும் முதல் வரியிலேயே போடுங்கள். முழுக் கதையும் திரும்ப வேண்டாம். மேல்முறையீட்டு முடிவை இணைத்து, எந்த இடம் தவறு என்று மட்டும் சொன்னால் போதும். இணைப்புகளை ஒரே பிடிஎஃப் ஆக்கிப் பக்க எண் போட்டுவிட்டால் பார்ப்பவருக்குச் சுலபம்.

2024 ஆகஸ்ட் வழிகாட்டுதலின்படி இத்தளத்துப் புகார்களை 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும். நடைமுறையில் துறை கம்பெனியிடம் விளக்கம் கேட்கும், கம்பெனி பதில் அனுப்பும், அதோடு புகார் மூடப்படும். அந்தப் பதிலை உடனே இறக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி ஒரு அரசுத் துறைக்கு எழுத்தில் சொன்ன நிலைப்பாடு அது, பின்னால் மாற்றிப் பேச முடியாது. பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை இங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அவர்கள் கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. சிறிய தொகைக்கு முயன்று பார்க்கலாம்.

நான்காம் படி: நுகர்வோர் ஆணையம்

டெலிகாம் வழக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லாது என்று இன்னமும் சில கஸ்டமர் கேர் ஆட்கள் சொல்வார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு அப்படி இருந்தது உண்மை. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. டெலிகாம் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சட்டப்படி பார்த்தால் முந்தைய படிகளை முடிக்காமலும் போகலாம், ஆனால் முடித்துவிட்டுப் போகிறவரின் கோப்பு பேசும் விதமே வேறு.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. `e-jagriti.gov.in` தளத்தில் பதியலாம். வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இந்த இரண்டு ஆண்டு நின்று காத்திருக்காது.

சட்ட நோட்டீஸ் கட்டாயம் இல்லை என்றாலும், 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்புவது நல்லது. கையெழுத்திட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தைத் தபால்துறைத் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது, எனவே பழைய பழக்கத்தில் தேடாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ், மின்னஞ்சல் எல்லாமே மின்னணு ஆதாரங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், அவை எந்தக் கருவியில் இருந்து எடுக்கப்பட்டவை என்று சான்று கொடுக்க வேண்டிவரலாம். ஆகவே எஸ்எம்எஸ் வந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். வழக்கு முடியும்வரை அது உங்களிடமே இருக்கட்டும்.

1,000 ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், எல்லோரும் போக வேண்டியதில்லை என்பதே என் பதில். மூன்றாம் படியில் டெபாசிட் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இல்லாத பாக்கி கடன் தகவல் நிறுவனத்தில் ஏறிவிட்டது என்றாலோ, வசூல் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றாலோ, தொகை சிறியது என்று விடக் கூடாது. அப்போது டெபாசிட்டோடு இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்த்துக் கேளுங்கள். ஆணையத்தின் உத்தரவை கம்பெனி மதிக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவில் மனுப் போடலாம். அதில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. அந்த மனுவுக்கு உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும், அது கம்பெனிக்குக் கிடைத்த தேதிக்கு ஆதாரமும் வேண்டும்.